வெயிலுக்குப் போன மயில்

"அப்பா, மழைய யாரு சுரங்கத்துக்குள்ள எறக்கி விட்டா?"

வினோதா ஆறு வயதில் ரயிலில் கேட்ட கேள்வி இது. அப்போது ஆடி மாதம். ஹட்டனிலிருந்து பதுளைக்கு ஓர் ஆடித் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பட்டிப்பொலை தாண்டும் வரை ஜன்னலில் மழை அடித்துக்கொண்டே வந்தது. மூடுபனியில் பாதையோரத்து மரங்கள்கூடத் தெரியவில்லை. பிறகு ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. வந்தால், வெயில். கழுவி வைத்த தட்டுப் போல நீல வானம். பெட்டியிலிருந்தவர்கள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள்.

"மழைகிட்ட டிக்கட் இல்லம்மா. அதான் கார்டு மாமா எறக்கி விட்டுட்டாரு" என்றார் ஜீவராஜ்.

பெட்டியே சிரித்தது. ஜீவராஜுக்கும் தன் பதிலை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. குழந்தை கேட்டதை அன்றைக்கு ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்திருந்தால், வருடங்கள் கழித்து உடப்புசல்லாவைத் தோட்டத்துக் கோயிலில், காயவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு மர மயிலின் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஜீவராஜ் ஹட்டனில் பெயின்டர். கடைப் பலகை எழுதுவார், லொறிக் கதவில் பெயர் எழுதுவார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது சாமி வாகனங்கள். நோர்வூட்டிலும் பூண்டுலோயாவிலும் அவர் வர்ணம் தீட்டிய குதிரைகளும் காளைகளும் இன்றைக்கும் திருவிழாவில் ஓடிவருகின்றன. நல்ல மனிதர். வேலைக்கு விரதம் இருப்பார், சொன்ன சொல் தவறமாட்டார். ஒரே ஒரு குறை. தனக்குத் தெரிந்த வானம்தான் வானம் என்று நினைப்பவர்.

போன ஆடியில் உடப்புசல்லாவையிலிருந்து நாகலெட்சுமி போன் பண்ணினார். அவர் அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், கோயில் சபையின் தலைவியும் அவர்தான்.

"தம்பி, எங்க முருகனுக்கு மயில் வாகனம் செஞ்சு வச்சிருக்கோம். மரவேலை முடிஞ்சிருச்சு. வந்து பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா ஆவணியிலயே கும்பாபிஷேகத்த வச்சிருவோம்."

ஜீவராஜ் ஜன்னலைப் பார்த்தார். ஹட்டனில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. அறைக்குள் குறுக்கே கட்டிய கயிற்றில் அவருடைய சட்டைகள் போன வாரத்திலிருந்து ஈரமாகத் தொங்கின.

"அக்கா, இந்த மழையில பெயின்ட் அடிச்சா மயிலு அழுவும்."

"இங்க எங்கப்பா மழை? வெயிலு மண்டையப் பொளக்குது. கச்சான் காத்து கூரைத் தகரத்த தூக்குது. இன்னைக்கு அடிச்சா நாளைக்குக் காஞ்சிரும்."

ஜீவராஜ் சிரித்துவிட்டார். "நானும் மலைநாட்டுலதான் பொறந்தேன், அக்கா. அவசரத்துக்காக ஆடி மாசத்துல வெயில உண்டாக்காதீங்க. தைப் பொங்கல் முடியட்டும், வர்றேன். அப்பத்தான் வெயிலு நெருப்பா இருக்கும்."

"தையிலயா? தையில இங்க மூடிக்கிட்டுல்ல கெடக்கும்."

"தையில எங்க ஊருல கொழுந்தே கருகுதுக்கா."

ஒரே மாவட்டம், ஒரே மின்சார பில்லு, பஸ்ஸில் ஏறினால் அரை நாள் பயணம். அதற்குள் இரண்டு வானமா என்பது அவருடைய எண்ணம். நாகலெட்சுமி அதற்கு மேல் வாதாடவில்லை. பெயின்ட் பற்றி பெயின்டருக்குத் தெரியாதா என்று சபையில் பெரியவர்கள் சொன்னார்கள். ஐயரும் தைக் கடைசியில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது என்றார். கும்பாபிஷேகம் தள்ளிப்போனது. தோட்டத்துப் பொடியன்மார் மட்டும் சும்மா இருக்காமல், ஆவணி வெயிலில் கோயில் சுவருக்கும் சின்னக் கோபுரத்துக்கும் தாங்களே பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள். அது சாயந்தரத்துக்குள் காய்ந்தும் விட்டது. அந்தச் செய்தி ஹட்டனுக்கு எட்டவில்லை.

பொங்கல் முடிந்து ஜீவராஜ் புறப்பட்டார். ஹட்டனில் புறப்படும்போது குளிர்கண்ணாடி போட்டிருந்தார். தலவாக்கலையில் பஸ்ஸின் ஜன்னலைத் திறந்து வைத்தார். நானுஓயாவில் சட்டைப் பொத்தானைப் போட்டார். நுவரெலியாவில் தூறியது. கந்தப்பளையில் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. உடப்புசல்லாவைத் தோட்டத்தில் இறங்கியபோது எதிரில் நிற்பது ஆளா, மரமா என்று தெரியவில்லை.

"வாங்க தம்பி" என்றது அந்த மரம். நாகலெட்சுமி குடையோடு வந்திருந்தார். "கண்ணாடி போட்டிருக்கீங்களே. வெயிலு ரொம்ப கூசுதோ?"

ஜீவராஜ் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "இன்னைக்கு ஒரு நாளுதானக்கா. நாளைக்குத் தெளிஞ்சிரும்."

"தெளியும், தெளியும். மாசியில."

மயில் நன்றாக இருந்தது. ஓர் ஆள் உயரம். தோகையில் ஒவ்வொரு இறகையும் தச்சர் தனித்தனியாகக் கீறியிருந்தார். இத்தனை வருடமாக அந்தத் தோட்டத்து முருகன் ஊர்வலம் வந்தது ஒரு பழைய நாற்காலியில் வைத்துக் கட்டித்தான். கூடுதலாகக் கொழுந்து பறித்துக் கிடைத்த கைக்காசில் மாதாமாதம் ஒதுக்கி ஒதுக்கி இந்த மயிலைச் செய்திருக்கிறார்கள். "இந்த வருசம் சாமி மயில்ல வரும்" என்பதுதான் லயத்து வரிசை வீடுகளில் குழந்தைகளின் பேச்சு. அதைக் கேட்கும்போதெல்லாம் ஜீவராஜ் வானத்தைப் பார்த்தார்.

கழுத்துக்கு நீலம் அடித்தார். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டியது. அதற்கு மறுநாளும் ஒட்டியது. மூன்றாம் நாள், ஒட்டியது மட்டுமல்ல, பளபளவென்று இருக்கவேண்டிய நீலத்தின் மேல் பால் படர்ந்தது போல வெளுப்பு ஏறியிருந்தது. இரவெல்லாம் ஈரம் அதன் மேல் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மயிலைப் பார்த்தால் சளி பிடித்த புறா மாதிரி இருந்தது.

விரதம் இருக்கும் பெயின்டருக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு வீட்டில் சைவச் சாப்பாடு என்பது அங்கே வழக்கம். அதனால் ஒவ்வொரு வேளையும் ஒரு வீட்டில் கேலி.

"அண்ணே, ஹட்டன்லயிருந்து வரும்போது பெயின்ட் கொண்டாந்தீங்க, சரி. வெயில ஏன் வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்க?"

"அவரு ஆடியில கூப்பிட்டா வரமாட்டாரு. ஆடியில இங்க வெயிலு ஜாஸ்தி, கறுத்துப் போயிருவாரு."

கேலி செய்துகொண்டே இன்னொரு கரண்டி சாம்பாரும் ஊற்றினார்கள். யாரும் அவர் மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செய்யாத வித்தை இல்லை. மயிலைச் சுற்றிப் படங்குச் சாக்குக் கட்டி உள்ளே விறகு மூட்டினார்கள். சூடு வந்தது, கூடவே புகையும் வந்தது. பறந்த சாம்பலெல்லாம் ஈர நீலத்தில் போய் ஒட்டிக்கொண்டது. புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி தலைமுடி காயவைக்கும் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜீவராஜ் அதை வைத்து மயிலுக்குக் கழுத்தோரம் ஊதிக்கொண்டிருந்தபோது லயத்துப் பெண்கள் வாசலில் நின்று, "தலை வகிடு எடுக்கலியாண்ணே?" என்றார்கள். அத்தோடு அதையும் நிறுத்தினார்.

அன்று சாயந்தரம் கோயில் படியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டார். வினோதா எடுத்தாள். இப்போது அவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"ஹட்டன்ல எப்படிம்மா இருக்கு?"

"சரியான வெயிலுப்பா. அம்மா மிளகாய் காயப் போட்டிருக்காங்க. அங்க?"

அவர் தும்மினார். அவளே புரிந்துகொண்டாள். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அப்பா, இந்தத் தடவை மழைகிட்ட டிக்கட் இருக்கோ?"

"கேலியெல்லாம் அப்பறம். இது எப்ப விடும்?"

"வாடைக் காத்து விடுற வரைக்கும் விடாதுப்பா. இப்ப காத்து வடகிழக்குக் கடல்லயிருந்து வருது. நீங்க இருக்கிற பக்கத்து மலையிலதான் மொதல்ல ஏறணும். ஏற ஏற குளுந்து, தண்ணியெல்லாம் அங்கயே மூடுபனியாவும் மழையாவும் போயிரும். நம்ம பக்கம் எறங்கும்போது அது காஞ்ச காத்து. எறங்க எறங்க சூடாகும். ஆடியில தென்மேற்குக் காத்து. அப்ப ஈரம் நமக்கு, வெயிலு அவங்களுக்கு."

"ஆடியில அந்தக்கா சொன்னது அப்ப நெசந்தானா?"

"அவங்க என்னத்துக்குப்பா பொய் சொல்லப்போறாங்க?"

ஜீவராஜ் போனை மடியில் வைத்தார். தன்னைப் போல ஒரு வானத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன், அடுத்தவர் வானத்தைப் பொய் என்றுதான் சொல்வான். பொய் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாரே, அதுதான் அவரை உறுத்தியது.

வேலை முடிந்து வந்த நாகலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீவராஜ் மகள் சொன்னதைச் சொன்னார். ஆடியில் தான் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்.

"மன்னிப்ப விடுங்க. அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். நாங்க கொழுந்து மூட்டையத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க மேட்டுல ஏறுவோம். மடுவத்துத் தராசுல நிறுத்துப் போட்டுட்டா, அந்தப் பக்கம் கைய வீசிக்கிட்டு எறங்குவோம். காத்தும் அப்படித்தான் போல. எங்க மேட்டுல மூட்டைய எறக்கிட்டு உங்க ஊருக்குக் கைய வீசிக்கிட்டு வருது." மயிலை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப ஒன்னு செய்வோம். வெயிலு இங்க வராது. மயிலு அங்க போகட்டும்."

"கோயில் வாகனத்த தோட்டத்த விட்டு வெளிய எடுக்கலாமாக்கா? சபையில ஒத்துக்குவாங்களா?"

"கண்ணு தொறந்தாத்தான் அது வாகனம். நீங்க இன்னும் கண்ணு எழுதலயே. அதுவரைக்கும் வெறும் மரம். மரம் லொறியில போறதுக்கு எந்தச் சாமி தடுக்கப்போகுது?"

சபையில் எதிர்ப்பு வரவில்லை. பெரியவர் சிவசாமி மட்டும், "போறது சரி, திரும்பி வருமா? அங்க வெயிலு சொகத்துல தங்கிறப் போகுது" என்றார். கும்பாபிஷேகத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் மயில் பழைய பூச்சை உதிர்த்து, புதுப் பூச்சு ஏற்று, காய்ந்து, மூடுபனிக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் சாமிக்கு மறுபடியும் நாற்காலிதான். ஆவணியில் நடந்திருக்க வேண்டியதைத் தைக்குத் தள்ளியவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

மறுநாள் விடிகாலையில் தோட்டத்துப் பொடியன் அழகனின் மரக்கறி லொறி புறப்பட்டது. கீழே லீக்ஸ் கட்டுகளும் கரட் மூட்டைகளும். அவற்றின் மேல், தார்ப்பாய் போர்த்திய மயில். ஜீவராஜ் பெயின்ட் டப்பாக்களோடு அழகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இராகலையில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, தார்ப்பாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கொண்டையைப் பார்த்துச் சிங்களத்தில் என்ன என்று கேட்டார். கதிர்காமத்துக் கந்தனின் வண்டி, சளித் தடிமன் பிடித்திருக்கிறது, வெயில் காட்டக் கூட்டிப்போகிறோம் என்று அழகன் சிங்களத்திலேயே சொன்னான். பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே கொண்டையைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பினார்.

கந்தப்பளையில் மூடுபனி. நுவரெலியாவில் தூறல். நானுஓயா தாண்டிப் பாதை இறங்கத் தொடங்கியதும் வெள்ளை மெலிந்தது. இன்னும் இரண்டு வளைவு. சட்டென்று லொறியின் கண்ணாடி முழுக்க வெயில். தேயிலைச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. அழகன் வைப்பரை நிறுத்தினான். ஜீவராஜ் பைக்குள் கையை விட்டுக் குளிர்கண்ணாடியை எடுத்து, அழகன் பார்ப்பதைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டார்.

"ஹட்டன்ல உங்க வீட்டு வாசல்ல எறக்கவாண்ணே?"

அதைத்தான் ஜீவராஜும் யோசித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வாசலே இல்லை, நேரே ரோடு. பஸ் கிளப்பும் தூசியெல்லாம் ஈர வர்ணத்தில் ஒட்டும். கூடவே, மயிலோடு திரும்பி வந்த பெயின்டரைப் பார்க்கக் கடைத்தெருவே வந்துவிடும். அப்போதுதான் லிந்துலைக்குக் கிட்ட, ரோட்டுக்குக் கீழே ஒரு சரிவில், வரிசை வரிசையாக வெள்ளைப் படுக்கை விரிப்புகள் காய்வதைக் கண்டார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. வெள்ளைத் துணி சுத்தமாகக் காயும் இடத்தில் வர்ணமும் சுத்தமாகக் காயும்.

"நிறுத்து, தம்பி."

விரிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பூரணி. லொறியையும் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மயில எங்கண்ணே கடத்திக்கிட்டுப் போறீங்க?"

ஜீவராஜ் விஷயத்தைச் சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தையில உடப்புசல்லாவையில போயி பெயின்ட் அடிச்ச புத்திசாலி யாருண்ணே?"

அழகன் கட்டைவிரலால் ஜீவராஜைக் காட்டினான்.

பூரணி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தன் தொழிலைச் சொன்னாள். நுவரெலியாவில் சுற்றுலாக்காரர் தங்கும் வீடுகளின் விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவள் அவள். "இந்த மாசம் மேல மூடிக்கிட்டா மூட்டையோட பஸ் ஏறி இங்க எறங்கிருவேன். ஆடியில இங்க மூடும். அப்ப மூட்டைய வெலிமடையில அக்கா வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். வெயிலு வருசத்துல ரெண்டு தடவை வீடு மாறும்ணே. வாடகை வீட்டுக்காரி மாதிரி நானும் அது பின்னாலயே மாறுவேன்."

"மூணு நாலு நாளைக்கு வாசல்ல எடம் குடுப்பியா, தங்கச்சி? எவ்வளவு கேட்டாலும்…"

"சாமி காரியத்துக்கு வெயில வித்தேன்னு பேரு வாங்கணுமா நான்?"

நடு வாசலில், காலையிலிருந்து சாயந்தரம் வரை வெயில் விழும் இடத்தில் கட்டியிருந்த கொடிகளை அவளே அவிழ்த்தாள். விரிப்புகளை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அழகன் மயிலை இறக்கிவைத்துவிட்டு லீக்ஸோடு தலவாக்கலைக்குப் போனான்.

ஜீவராஜ் பழைய நீலத்தைச் சுரண்டித் தேய்த்தார். மரத்தை ஒரு பகல் முழுக்கக் காயவிட்டார். பிறகு அடித்தார். மத்தியானத்துக்குள் அது கைக்கு ஒட்டாமல் இறுகத் தொடங்கியது. மயிலின் கழுத்தில் வானம் தெரிந்தது. இரவில் மேகமில்லாத வானத்திலிருந்து பனி கொட்டும் என்று பூரணி எச்சரித்தாள். அதனால் வெயில் சாய்வதற்கு முன்னால் இருவருமாக மயிலை அவளுடைய ஒற்றை அறைக்குள் தூக்கி வைப்பார்கள். அவள் அதே அறையின் அடுப்படி மூலையில் படுத்துக்கொண்டாள். ஜீவராஜ் கொஞ்சம் கீழேயிருந்த தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் படுத்தார்.

"ராத்திரி உங்க மயிலு குறட்டை விடுதுண்ணே" என்பாள் காலையில். "காலை நீட்டுறதுக்கு எடமில்லாம அதுகிட்டயே கேட்டுத்தான் திரும்பிப் படுத்தேன்."

வர்ணம் காய்வதற்காகக் காத்திருக்கும் நேரங்களில் ஜீவராஜ் கிழக்குப் பக்கத்து முகடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகட்டின் மேல் ஒரு வெள்ளை மேகம் நீளமாகப் படுத்திருந்தது. அதன் விளிம்பு வழிந்து இந்தப் பக்கம் இறங்கப் பார்க்கும். கொஞ்சம் இறங்கும். இன்னும் கொஞ்சம் இறங்கும்போது அது இல்லை. காற்று வந்துகொண்டுதான் இருந்தது, மேகம் மட்டும் கரைந்து போனது. நாள் முழுக்க அது வழிந்தது, நாள் முழுக்க கரைந்தது. அந்த வெள்ளைக்கு உள்ளே, அந்தப் பக்கத்தில், நாகலெட்சுமியும் மற்றவர்களும் நனைந்துகொண்டு கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் மேட்டில் ஈரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த காற்றில்தான் தன் மயில் காய்கிறது. இதற்கு முன் எத்தனையோ தை மாதங்களில் இதே வெயிலைத் தனக்கென்று வந்ததாக நினைத்திருக்கிறார். யாருடைய நனைவிலோ நம் வெயில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் கையெடுத்துக் கும்பிட்டார், எந்தத் திசை என்று பார்க்காமல்.

"மயிலயா கும்பிடுறீங்க? அதுக்குத்தான் இன்னும் கண்ணு இல்லியே" என்றாள் பூரணி, துணி மூட்டையோடு பின்பக்கம் போய்க்கொண்டே.

தோகையில் பச்சையும் பொன்னும் ஏறின. அழகன் வந்தபோது ஜீவராஜ் அவன் விரலைப் பிடித்து மயிலின் முதுகில் அழுத்தினார். ரேகை பதியவில்லை. கந்தப்பளையில் மறுபடி மூடுபனி வந்து மயிலைச் சூழ்ந்தது. முத்து முத்தாகத் தண்ணீர் அதன் முதுகில் உட்கார்ந்து, பிடி கிடைக்காமல் உருண்டு ஓடியது.

லொறியைச் சுற்றித் தோட்டமே கூடியது. நாகலெட்சுமி மயிலின் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சதை போட்டு வந்திருக்கு. ஹட்டன்காரங்க சோறு நல்லாப் போட்டிருக்காங்க."

"போட்டது ஹட்டன் இல்லக்கா. லிந்துலையில ஒரு தங்கச்சி" என்றார் ஜீவராஜ்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள், திரைக்குப் பின்னால், அவர் மயிலுக்குக் கண் எழுதினார். மறுநாளும் மூடித்தான் இருந்தது. மேளம் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. பிறகு அந்த வெள்ளையைப் பிரித்துக்கொண்டு முதலில் ஒரு நீலக் கழுத்து வந்தது. அப்புறம் தோகை. அதன் மேல் முருகன். குழந்தைகள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாகலெட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூடுபனி ஈரம்தான் என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"அடுத்த வேலைக்கு ஆடியில வரச் சொன்னா வருவீங்களா, தம்பி?"

"நீங்க வானத்தப் பாத்துச் சொல்லுங்கக்கா. நான் கேட்டுக்கிறேன்."

மறுநாள் திரும்பும்போது ஜீவராஜ் லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். பிரசாதம் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். பூரணி இல்லை. கதவு சாத்தியிருந்தது. காய்ந்த விரிப்புகளைக் கொடுக்க நுவரெலியாவுக்குப் போயிருப்பாள். நடு வாசலில் கொடிகள் பழையபடி கட்டியிருந்தன. அங்கே வேறு ஆள் யாரும் இல்லை, வெயில் மட்டும் இருந்தது.

பொட்டலத்தை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போகலாம் என்று பின்பக்கம் வந்தார். அங்கே, மயில் இருந்த நாட்களில் அவள் விரிப்புகளை மாற்றிப் போட்ட இடத்தில், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே ஒரு பழைய கம்பி. துருவேறிச் சிவந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு கல்லின் மேல் வெள்ளை விரிப்புகள் நான்கைந்து, எலுமிச்சைத் தோல்களால் தேய்த்து, ஊற விரித்தபடி இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நேர்கோடாக ஒரு துருக்கறை. தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் நூல் மெலிந்திருந்தது. கறை போகவில்லை.

அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மயில் குறட்டை விட்டதைப் பற்றித்தான் பேசினாள்.

ஜீவராஜ் பொட்டலத்தைப் பைக்குள் போட்டார். பிறகு ரோட்டுக்கு ஏறி, தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தார். திரும்பி வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறை போட்ட புதுக் கம்பிச் சுருள் இருந்தது. தாளில் சுற்றிய வெள்ளை விரிப்புகளும் இருந்தன. துருக் கம்பியை அறுத்துச் சுருட்டினார். கம்பங்களை உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்தார். பைக்குள் மயிலுக்கு அடித்து மிச்சமிருந்த நீலம் கொஞ்சம் இருந்தது. அதை இரண்டு கம்பங்களுக்கும் மேலிருந்து கீழ் வரை, சாமி வாகனத்துக்கு அடிக்கும் அதே நிதானத்தோடு அடித்தார். கைக்கு ஒட்டாமல் காயும் வரை நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார். பிறகு புதுக் கம்பியை இழுத்துக் கட்டினார். புது விரிப்புகளை வாசற்படியில் தூசி படாமல் வைத்து, அதன் மேல் பிரசாதப் பொட்டலத்தை வைத்தார்.

கம்பத்தில் ஒரு விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. நுவரெலியாவிலிருந்து இறங்கும் பஸ்ஸின் சத்தம் மேல் வளைவில் கேட்டது. அதில் அவள் வரலாம். ஜீவராஜ் டப்பாவை மூடிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே போன குறுக்குப் பாதையில் கீழே இறங்கினார்.